12-ஆம் தேதி வந்த சுற்றறிக்கை 1-ஆம் தேதி முதல் செல்லுமா?

கேள்வி: கோவையில் யூபிஎஸ் சர்வீஸ் கம்பெனியில் ஃபீல்டு இன்ஜினியர் நான். மாதச் செலவு பில்களை அடுத்த மாதம் 10-க்குள் கொடுப்போம், பணம் வந்துவிடும். ஜூன் 12 அன்று எச்.ஆர். மெயில் போட்டார்கள். ஜூன் 1 முதல் புது விதியாம். செலவு செய்த 15 நாளுக்குள் பில் தர வேண்டும், ₹300-க்கு மேல் என்றால் கம்பெனி ஜிஎஸ்டி எண் உள்ள பில்தான், வெளியூர் பேட்டா ₹400-லிருந்து ₹250, விதிவிலக்கு வேண்டுமென்றால் 'துறைத் தலைவரின் முன் அனுமதி'. ஜூன் 9-இல் நான் கொடுத்த மே மாத பில்லில் 25-ஆம் தேதிக்கு முந்தைய ₹3,150-ஐ 15 நாள் தாண்டிவிட்டது என்று வெட்டிவிட்டார்கள். ஜூன் 4, 5-இல் பாலக்காட்டில் தங்கிய லாட்ஜ் பில் ₹1,800-ம் ஜிஎஸ்டி எண் இல்லை என்று போச்சு. மெயிலுக்குக் கீழே 'படித்து ஏற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து கேட்கிறார்கள். போடலாமா?

பதில்: கையெழுத்து போடுங்கள், ஆனால் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி, பக்கத்தில் தேதியைப் போட்டு, 'ஜூன் 12-க்கு முந்தைய செலவுகளுக்கும் பேட்டா குறைப்புக்கும் என் ஆட்சேபணையுடன்' என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். ஆன்லைனில் ஒரு பட்டனை அமுக்கச் சொல்கிறார்கள் என்றால் அமுக்கிவிட்டு அன்றைக்கே இதே வரியை எச்.ஆருக்கு மெயிலாக அனுப்பிவிடுங்கள்.

இனி பணத்துக்கு வருவோம். இந்த மாதிரி சுற்றறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது செலவு எந்தத் தேதியில் நடந்தது என்பதை. பில் கொடுத்த தேதி அப்புறம்தான். மே மாதம் நீங்கள் பஸ் ஏறியபோதும் சாப்பிட்டபோதும் 'அடுத்த மாதம் 10-க்குள் பில் கொடு, பணம் தருகிறேன்' என்பதுதான் உங்களுக்கும் கம்பெனிக்கும் இருந்த ஏற்பாடு. அதை நம்பி உங்கள் கைக்காசைப் போட்டீர்கள், கெடுவுக்கு ஒரு நாள் முன்பே பில்லும் கொடுத்துவிட்டீர்கள். அந்த நிமிடமே அது கம்பெனி உங்களுக்குத் தர வேண்டிய கடன். மூன்று நாள் கழித்து ஒரு மெயில் போட்டு அந்தக் கடனை அழிக்க முடியாது. புது விதியே ஜூன் 1 முதல் என்று அவர்களே எழுதியிருக்கும்போது மே செலவை அதை வைத்து எப்படி வெட்டினார்கள் என்பது வேறு கதை, அக்கவுண்ட்ஸில் யாரோ மென்பொருளில் 15 நாள் என்று போட்டிருப்பார்கள், அது எல்லா பில்லையும் தள்ளியிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதனால் முதல் மெயிலைச் சண்டையாக ஆரம்பிக்க வேண்டாம்.

பாலக்காட்டு லாட்ஜும் அப்படித்தான். ஜூன் 4-இல் ரூம் எடுத்தவருக்கு 12-ஆம் தேதி வரப்போகும் நிபந்தனை எப்படித் தெரியும்? இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஜிஎஸ்டி எண் கேட்பது கம்பெனி உள்ளீட்டு வரி வரவு எடுத்துக்கொள்ள, அதாவது பில்லில் கட்டிய வரியைத் தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள. தங்கும் இடத்துக்கான வரி அந்த லாட்ஜ் இருக்கும் மாநிலத்தின் கணக்கில் போகும். பாலக்காடு என்றால் கேரளா. உங்கள் கம்பெனிக்குத் தமிழ்நாட்டுப் பதிவு மட்டும்தான் இருக்கிறதென்றால், பில்லில் அவர்கள் எண்ணை எழுதி வாங்கியிருந்தாலும் அந்த வரவு கிடைத்திருக்காது. சாப்பாட்டு பில்லுக்கும் உங்கள் கம்பெனி மாதிரி இடத்தில் பொதுவாக வரவு கிடையாது. வருடத்துக்கு 20 லட்சத்துக்குள் வியாபாரம் செய்யும் சின்ன லாட்ஜும் மெஸ்ஸும் பெரும்பாலும் ஜிஎஸ்டி பதிவே எடுத்திருக்காது, எண் போட்ட பில் அங்கே எப்படி வரும்? இதை மெயிலில் அமைதியாக எழுதினால் ஃபைனான்ஸில் இருப்பவருக்கு உடனே புரியும். சட்டப் பிரிவைக் காட்டி மிரட்டுவதை விட இது வேலை செய்யும்.

சரி, 12-க்கு அப்புறம்? இங்கே இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எத்தனை நாளில் பில், எப்படிப்பட்ட பில் என்பதெல்லாம் நடைமுறை. கம்பெனி அதை மாற்றலாம், நியாயமாகவும் இனிவரும் செலவுகளுக்காகவும் இருந்தால் நீங்கள் பின்பற்றத்தான் வேண்டும். பேட்டாவைக் குறைப்பது அப்படி இல்லை, அது உங்கள் பணி நிபந்தனை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலுறவுகள் சட்டத் தொகுப்பின் 40-வது பிரிவுப்படி, ஈட்டுப்படி போன்ற படிகளை மாற்றுவதென்றால் பாதிக்கப்படும் தொழிலாளர்களுக்கு முறையாக அறிவிப்பு கொடுத்து 21 நாள் கழித்துத்தான் மாற்ற முடியும். பழைய தொழில் தகராறு சட்டத்தில் 9ஏ என்று இருந்ததும் இதேதான். தொழில்நுட்ப வேலை செய்பவர் என்ற முறையில் 'இன்ஜினியர்' என்று பெயர் இருந்தாலும் நீங்கள் தொழிலாளர்தான். ஆனால் கீழே நாலு பேரை மேற்பார்வை செய்வதுதான் உங்கள் முக்கிய வேலை, சம்பளம் ₹18,000-க்கு மேல் என்றால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. ஜூன் 12 மெயிலையே முறையான அறிவிப்பு என்று வைத்துக்கொண்டாலும் ஜூலை 3 வரை உங்கள் பேட்டா ₹400.

விதிவிலக்கு வரிதான் இனிமேல் உங்களுக்கு அன்றாடம் உதவப்போகிறது. 'துறைத் தலைவரின் முன் அனுமதி' என்று மட்டும் இருக்கிறது, எப்படிக் கேட்பது, பதில் வராவிட்டால் என்ன என்று எதுவும் இல்லை. அதனால் ஊருக்குக் கிளம்புமுன் துறைத் தலைவருக்கு இப்படி ஒரு வரி போடுங்கள்: 'நாளை கரூர் கிளையண்ட் வேலை, தங்குவதற்கு ஜிஎஸ்டி எண் தரும் லாட்ஜ் அருகில் இல்லை, சாதாரண ரசீதுடன் ₹900 வரை செலவிட அனுமதி வேண்டும், இன்று மாலைக்குள் மாற்றிச் சொல்லாவிட்டால் இதன்படி செல்கிறேன்.' பதில் வராவிட்டாலும் வேலைக்குப் போனவர் நீங்கள், உங்களை அனுப்பியவர் அவர், அதற்கான தடம் மெயிலில் இருக்கும். போனில் 'சரி போங்க' என்றால் உடனே 'நீங்கள் சொன்னபடி' என்று ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள். யூபிஐ-யில் கொடுங்கள், ஆட்டோவுக்குக்கூட. பில் இல்லாத இடத்தில் அந்தப் பதிவுதான் சாட்சி.

பில் கிடைக்கவில்லையே என்று தெரிந்த ஹோட்டலில் வெற்று பில் வாங்கி எழுதுவது மட்டும் வேண்டவே வேண்டாம். ₹300-க்காகப் போலி பில் கொடுத்தவரை வேலையை விட்டே எடுக்கலாம், அப்போது நீங்கள் சொல்லும் நியாயம் எதுவும் நிற்காது.

இப்போது அனுப்ப வேண்டிய மெயில்: ₹3,150, ₹1,800 இரண்டையும் தேதிவாரியாகப் பட்டியலிட்டு, பழைய நடைமுறைக்கு ஆதாரமாக முந்தைய இரண்டு மூன்று மாத கிளெய்ம் ஒப்புதல் மெயில்களை இணைத்து, 15 நாள் கெடு கொடுங்கள். இந்தப் பணம் சட்டத்தின் கண்ணில் 'சம்பளம்' ஆகாது, வேலையின் தன்மையால் வரும் செலவுக்குத் தரும் பணத்தை ஊதிய வரையறையே விலக்கி வைத்திருக்கிறது. அதனால் சம்பள பாக்கி என்று தொழிலாளர் துறையில் மனு கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இது ஒப்பந்தக் கடன், சிவில் நீதிமன்றத்தில் மூன்று வருடத்துக்குள் கேட்கலாம். ₹4,950-க்கு வழக்கு போடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், வக்கீல் ஃபீஸே அதற்கு மேல் போகும். ஆனால் பேட்டா விஷயம் எல்லா ஃபீல்டு ஆட்களுக்கும் பொது. எல்லோரும் சேர்ந்து கையெழுத்திட்டு நிர்வாகத்துக்கு எழுதிவிட்டு, பலன் இல்லையென்றால் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் போகலாம்.

கையில் கம்பெனி அட்வான்ஸ் ஏதாவது வைத்திருந்தால் அதையும் கணக்கில் சேர்த்து எழுதுங்கள். பயண அட்வான்ஸைச் சம்பளத்தில் பிடிக்கச் சட்டம் அனுமதிக்கிறது, எல்லாப் பிடித்தமும் சேர்ந்து அந்த மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். நிராகரித்த பில்லை 'கணக்கு காட்டாத அட்வான்ஸ்' என்று திருப்பிப் போட்டுப் பிடிப்பதும் நடக்கிறது, ஜூன் சம்பளச் சீட்டை வாங்கியதும் அந்த வரியைப் பாருங்கள்.