புக்கிங் கட்டும் முன் பெர்மிட் எண்ணைப் பாருங்கள்

கேள்வி: செராஸ்ல கட்டிக்கிட்டிருக்கிற ஒரு கொண்டோவ வீடு விற்கிற வெப்சைட்ல பார்த்தேன். 520,000 வெள்ளி. ஏஜெண்டு இன்னைக்கே 5,000 புக்கிங் கட்டச் சொல்றாரு. கட்டறதுக்கு முன்ன எதைப் பார்க்கணும்?

பதில்:

முதலில் அந்த 5,000. லைசென்ஸ் பெற்ற மேம்பாட்டாளர் புது வீடு விற்கும்போது, விற்பனை ஒப்பந்தத்தில் உள்ள தவணைகளைத் தவிர வேறு எந்தப் பெயரிலும் யாரும் பணம் வாங்கக் கூடாது என்கிறது 1989ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டு விதிமுறைகளின் 11(2). முதல் தவணை 10%, அதுவும் கையெழுத்துப் போடும்போது. உங்கள் கணக்கில் 52,000. "ஊரே கட்டுதே" என்பார்கள். கட்டுகிறது, மறுக்கவில்லை. புக்கிங் கேட்பவரெல்லாம் ஏமாற்றுக்காரர் என்றும் சொல்லவில்லை, ஏஜெண்டு நண்பர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

வெப்சைட்டில் இருப்பது ஏஜெண்டு தட்டச்சு செய்து போட்டது. அதை வைத்து எதையும் முடிவு செய்யாமல், மேம்பாட்டாளரின் முழு விளம்பரத் தாளைக் கேளுங்கள். அதன் அடியில் பொடி எழுத்தில் லைசென்ஸ் எண், விளம்பர விற்பனை பெர்மிட் எண், இரண்டும் செல்லுபடியாகும் தேதிகள், நிலம் நிரந்தர உரிமையா குத்தகையா, எந்த வங்கியில் அடமானம், கட்டடப் பிளானை அனுமதித்த மன்றம், அதன் குறிப்பு எண் எல்லாம் இருக்க வேண்டும். இந்தப் பொடி எழுத்து இல்லாத தாள் வெறும் படம்தான்.

அனுமதித்த மன்றத்தின் பெயரை நிதானமாகப் படியுங்கள். செராஸ் பாதி கோலாலம்பூரில், பாதி சிலாங்கூரில். விளம்பரத்தில் கோலாலம்பூர் என்று போட்டுவிட்டு, கீழே காஜாங் மன்றத்தின் பெயர் இருந்தால் நிலம் சிலாங்கூரில் இருக்கிறது. அது குற்றமில்லை, ஆனால் நிலப் பதிவைத் தேட வேண்டியது சிலாங்கூர் நில அலுவலகத்தில்.

அடுத்து வீடமைப்பு அமைச்சின் teduh.kpkt.gov.my தளம். அதில் மேம்பாட்டாளர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். விளம்பரத்தில் பெரிதாகத் தெரியும் குழுமத்தின் பெயரைப் போட்டால் ஒன்றும் வராமல் போகலாம், ஏனென்றால் ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி செண்டிரியான் பெர்ஹாட் வைத்திருப்பார்கள். தாளில் உள்ள அந்தக் கம்பெனியின் பெயரைப் போட வேண்டும். கம்பெனியின் 12 இலக்கப் பதிவு எண்ணில் முதல் நான்கும் அது பதிவான ஆண்டு. "முப்பது வருஷ அனுபவம்" என்பவரின் எண் 2023 என்று தொடங்கினால் அனுபவம் குழுமத்துக்கு, ஒப்பந்தம் புதுக் கம்பெனியோடு என்று புரிந்துகொள்ளுங்கள்.

பெரும்பாலானோர் சறுக்கும் இடம் இனிமேல்தான். பெயர் வந்ததும் "ஆ, இருக்கு" என்று பக்கத்தை மூடிவிடுகிறார்கள். அங்கே வருவது A புளோக்கின் பெர்மிட்டாக இருக்கலாம், உங்களிடம் விற்பது இன்னும் பெர்மிட் வராத B புளோக். அதனால் பெர்மிட் எண்ணைக் கடைசி எழுத்து வரை ஒப்பிடுங்கள். திட்டத்தின் பெயர், மொத்த யூனிட், விலை வரம்பு மூன்றும் தாளோடு பொருந்த வேண்டும். தாளில் 400 யூனிட், அங்கே 220 என்றால் இரண்டும் ஒன்றல்ல. செல்லும் தேதி கடந்திருந்தால் புதுப்பித்த நகலைக் கேளுங்கள். நிலை என்ற இடத்தில் Lancar என்றால் வேலை ஒழுங்காகப் போகிறது. Lewat தாமதம், Sakit மோசமான தாமதம், Terbengkalai கைவிடப்பட்டது. பெர்மிட் வராத புளோக்குக்கு "விருப்பப் பதிவு" என்று பணம் வாங்கினாலும் அது அதே புக்கிங்தான், பெயர்தான் வேறு.

ஏஜெண்டின் REN எண்ணை lppeh.gov.my தளத்தில் தேடலாம். எண் சரியாக இருந்தாலும் அவருடைய சொந்தக் கணக்கில் ஒரு சென்னும் போடாதீர்கள். வாட்ஸ்அப்பில் அடையாள அட்டை நகல் கேட்டால், அதன் குறுக்கே எதற்கான நகல் என்றும் தேதியும் எழுதி அனுப்புங்கள். இந்த நாட்டில் நம் அடையாள அட்டை நகல் எத்தனை பேர் கைப்பேசியில் தூங்குகிறதோ!

இத்தனைக்கும் பிறகு கட்டுவதாக முடிவு செய்தால், மேம்பாட்டாளர் கம்பெனியின் பெயரில், தேதியும் யூனிட் எண்ணும் உள்ள ரசீது வாங்குங்கள். வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் முழுப் பணமும் திரும்ப வரும் என்பதும் எழுத்தில் வேண்டும். அந்தத் தேதி ஏன் முக்கியம் என்றால், சாவி தாமதமானால் இழப்பீட்டுக்கான காலத்தை ஒப்பந்தத் தேதியிலிருந்து அல்ல, புக்கிங் கட்டிய நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று 2021இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இழப்பீடு ஆண்டுக்கு 10%. 520,000 வெள்ளி வீட்டுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 142 வெள்ளி. புக்கிங்குக்கும் ஒப்பந்தத்துக்கும் நடுவே 120 நாள் ஓடிவிட்டால், சாவி தாமதமாகும்போது அந்த இடைவெளி மட்டும் ஏறக்குறைய 17,000 வெள்ளி. ரசீதில் தேதி இல்லாவிட்டால் அதை நிரூபிக்க வங்கிப் பரிமாற்றப் பதிவைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.