அம்மாவின் "மயக்கம்" டாக்டருக்கு எந்த மயக்கமாகப் போய்ச் சேரணும்?

"அக்கா, அம்மா கோயம்புத்தூர்ல இருந்து இங்கிலாந்துக்கு என்கிட்ட வந்து ஒரு மாசம் ஆகுது. சுகர், பிரஷர் ரெண்டுக்கும் மாத்திரை சாப்பிடுறாங்க. நாலு நாளா 'மயக்கமா வருது, தலை கிர்ருங்குது'ன்னு சொல்றாங்க. நாளைக்கு இங்கே குடும்ப டாக்டரான ஜிபியோட வீடியோ கன்சல்டேஷன். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, நான்தான் சொல்லணும். கிடினெஸ்னு சொன்னா போதுமா?"

போதாது தம்பி. நாம மயக்கம்னு ஒரே சொல்லில் சொல்றது இங்கே நாலு வேற வேற நோய்களுக்கான வாசல். அதில் எதுன்னு டாக்டர் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி நீங்க அம்மாகிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கணும். இன்னிக்கு ராத்திரியே உட்கார்ந்து கேளுங்க. கேமரா முன்னாடி வச்சுக் கேட்டா, டாக்டரைக் காக்க வைக்கிறோமேங்கிற பதற்றத்தில் அவங்க எல்லாத்துக்கும் "ஆமா"ன்னு தலையாட்டிடுவாங்க.

பத்து வருஷத்துக்கு முன்னாடி எங்க அத்தை இங்கே ரெடிங்குக்கு வந்திருந்தப்ப, "மயக்கமா வருதும்மா"ன்னாங்க. நான் போன்ல டாக்டர்கிட்ட "ஃபெயின்டிங்"னு சொல்லிட்டேன். இங்கிலீஷ்காரர் காதுக்கு அது நினைவு தப்பிக் கீழே விழுந்ததாகத்தான் கேட்கும். உடனே ஆஸ்பத்திரி, ஈசிஜி, ரத்தப் பரிசோதனைன்னு ஒரு பகல் முழுக்க அத்தையை நாற்காலியில் உட்கார வச்சிருந்தாங்க. கடைசியில் ஒரு நர்ஸ், "விழுந்தப்ப பக்கத்துல யார் இருந்தா?"ன்னு கேட்டாங்க. அத்தை என்னைப் பார்த்து, "நான் எங்கம்மா விழுந்தேன்?"னாங்க. அவங்க விழவே இல்லை. காலையில் படுக்கையை விட்டு எழுந்திருக்கும்போது கண்ணு இருட்டிக்கிட்டு வந்திருக்கு, அவ்வளவுதான். என் வாயில் இருந்து வந்த ஒரு தப்பான சொல் அது.

அதனால் முதல்ல இதைக் கேளுங்க: "வீடு சுத்துதாம்மா, இல்ல கண்ணு இருட்டுதா?" வீடே சுத்துது, படுக்கையில் புரண்டு படுத்தா சுத்துது, ஒரு நிமிஷத்துக்குள்ள நின்னுடுதுன்னா, டாக்டர் காதோட சமநிலைக் கோளாறை நினைப்பார். "ஸ்பின்னிங்"னு சொல்லுங்க. எழுந்து நிக்கும்போது சில நொடி கண்ணு இருட்டுதுன்னா, நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்குதுன்னு யோசிப்பார். அதுக்கு "லைட்ஹெடட் வென் ஷி ஸ்டாண்ட்ஸ் அப்". சாப்பாடு தள்ளிப்போனா கை நடுங்கி, வியர்த்து, படபடன்னு வருதுன்னா, அது சர்க்கரை இறங்குறதா இருக்கலாம். உண்மையிலேயே நினைவு தப்பியிருந்தா மட்டும் "பாஸ்ட் அவுட்"னு சொல்லுங்க. எத்தனை நேரம், யார் பார்த்தாங்க, அடிபட்டுதாங்கிறதையும் சேர்த்துச் சொல்லணும். கிடினெஸ்ங்கிறது நம்ம ஊர் இங்கிலீஷ். இங்கே டிஸினெஸ்னுதான் அதிகம் சொல்வாங்க, ஆனா அதுவும் இந்த நாலில் எதுன்னு சொல்லாது.

இன்னொரு சொல் மேல எனக்குப் பயமே உண்டு: "வாயு". நெஞ்சை அழுத்துறதையும் நம்ம அம்மாக்கள் "வாயு பிடிச்சிருக்கு"ம்பாங்க. நீங்க "கேஸ்"னு மாத்திட்டா, டாக்டர் வயித்தைப் பத்திக் கேட்க ஆரம்பிச்சுடுவார். வாயுங்கிறது அம்மாவோட முடிவு, அவங்க உடம்பு சொன்னது இல்லை. எந்த இடத்தில், எப்படி, எப்பன்னு கேட்டு அதைச் சொல்லுங்க. "நடக்கும்போது நெஞ்சுக்குக் குறுக்கே இறுக்கிப் பிடிக்குது, நின்னா விட்டுடுது. அவங்க அதை வாயுன்னு நினைக்கிறாங்க"ன்னு ரெண்டையும் சொன்னா போதும். சர்க்கரை உள்ளவங்களுக்கு மாரடைப்பு பெரிய வலி இல்லாமலும் வரும். நெஞ்சு இறுக்கத்தோட வியர்வையோ மூச்சுமுட்டலோ, வலி கைக்கோ தாடைக்கோ போறதோ இருந்தா, நாளைக்கு வரைக்கும் காத்திருக்காதீங்க, உடனே 999ல ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. திடீர்னு வாய் கோணினாலும், பேச்சு குழறினாலும், ஒரு பக்கம் கை கால் வலுவிழந்தாலும் அதேதான்.

அடுத்தது மாத்திரை. நம்ம ஊர் பேரைச் சொன்னா இங்கே உள்ள டாக்டருக்குப் புரியாது. அட்டையில் பொடி எழுத்தில் இருக்கிற மருந்துப் பேரைப் படிங்க, அதையும் முழுசாப் படிங்க. எங்க அத்தையோட பிரஷர் மாத்திரை டெல்மா எச். நான் டெல்மிசார்டன்னு மட்டும் சொல்லியிருந்தேன். அந்த "எச்"தான் ஹைட்ரோகுளோரோதயசைட், நீரைப் பிரிக்கிற மருந்து. எழுந்திருக்கும்போது கண்ணு இருட்டுறதுக்கு அதுவும் காரணமாகலாம். சுகர் மாத்திரையும் அப்படித்தான். க்ளைக்கோமெட் ஜிபின்னா மெட்ஃபார்மினோட க்ளிமிபிரைடும் சேர்ந்தது. தனி மெட்ஃபார்மின் சர்க்கரையை ரொம்ப இறக்குறது அபூர்வம், க்ளிமிபிரைடு இறக்கும். பாதிப் பேரைச் சொன்னீங்கன்னா, தேடுற காரணத்தையே மறைச்ச மாதிரி ஆயிடும். அட்டையோட பின்பக்கத்தைக் கேமராவில் காட்டிடுங்க.

வீட்டில் பிரஷர் மெஷின் இருந்தா, அம்மாவை அஞ்சு நிமிஷம் படுக்க வச்சு ஒரு தடவை பாருங்க. எழுந்து நின்னு ஒரு நிமிஷத்தில் ஒண்ணு, மூணு நிமிஷத்தில் ஒண்ணு. பக்கத்திலேயே நில்லுங்க, தள்ளாடினா உடனே உட்கார வச்சுடுங்க. மேல் எண் 20 அல்லது அதுக்கு மேல இறங்கினா அது டாக்டருக்கு முக்கியமான தகவல். அத்தைக்குப் படுக்கையில் 142, நின்னதும் 112. அந்த ரெண்டு எண்ணைச் சொன்னதும் மாத்திரையை மாத்தினாங்க, ரெண்டு வாரத்தில் இருட்டுறது நின்னுடுச்சு. நீங்களா எந்த மாத்திரையையும் நிறுத்திடாதீங்க.

சர்க்கரை எண்ணை நம்ம ஊர் கணக்கில் சொல்லாதீங்க. அங்கே 126ன்னா இங்கே 7. 18ஆல் வகுத்துக்குங்க. இங்கே 4க்குக் கீழ போனா அது தாழ்ந்த சர்க்கரை.

கன்சல்டேஷன் அப்போ அம்மா முகம் தெரியுற மாதிரி உட்கார வைங்க. டாக்டர் கேட்டதை அப்படியே தமிழில் கேட்டு, அவங்க சொன்னதை அப்படியே சொல்லுங்க. பதில் உங்களுக்குத் தெரிஞ்சிருந்தாலும் முந்திக்காதீங்க. மூத்திரம், மாதவிடாய் நின்ன பிறகு ரத்தப்போக்கு மாதிரி மகன்கிட்டச் சொல்லக் கூசுற விஷயம் எதாவது இருக்கலாம். அதுக்காகவே ரிசப்ஷனுக்கு இன்னிக்கே போன் பண்ணி, தமிழ் இன்டர்பிரட்டர் வேணும்னு கேளுங்க. உங்களுக்குச் செலவில்லை, பெண் வேணும்னும் கேட்கலாம். இங்கே இன்டர்பிரட்டரா வர்றவங்க பலர் ஈழத்துக்காரங்க. அவங்களுக்கு விறைப்புன்னா மரத்துப்போறது, நமக்கு அது இறுகிப்போறது. அதனால் "கால் மரத்துப்போகுது, தொட்டா தெரியலை"ன்னு அம்மாவை விளக்கியே சொல்லச் சொல்லுங்க.

முடிக்கும் முன்னாடி, எந்த மாத்திரை, எத்தனை, எப்பன்னு அம்மாவையே தமிழில் திருப்பிச் சொல்ல வச்சு, அதை இங்கிலீஷில் டாக்டர்கிட்டச் சொல்லிச் சரிபாருங்க. போன மாசம் என் தோழியோட அம்மா, "நாளைக்கு ஒண்ணு"ன்னு சொன்னதை மறுநாளைக்கு மட்டும் ஒண்ணுன்னு எடுத்துக்கிட்டாங்க.