பழைய அச்சில இருக்கிற 'லை', 'ணா' எல்லாத்தையும் எப்பிடித் தட்டுறது? கேள்வி பதில்

உப்புவெளியிலயிருந்து ஒரு தங்கச்சி: அண்ணை, 1952இல அச்சடிச்ச ஒரு கோயில் மலரை உள்ளபடியே தட்டி எடுக்கிறன். 'அண்ணாமலை'யில ணாவும் லையும் பழைய மாதிரி இருக்கு, கீபோட்டில அந்த எழுத்தே இல்லை.

இப்ப தட்டுறமாதிரியே தட்டுங்கோ தங்கச்சி. தும்பிக்கை வச்ச லையும் கீழ சுழிச்ச ணாவும் வேற எழுத்தில்லை, அதே எழுத்தின்ர பழைய வடிவம். யுனிகோட் என்ன எழுத்து எண்டதைத்தான் வச்சிருக்கும், அது எப்பிடித் தெரியவேணும் எண்டது ஃபொண்டின்ர வேலை. அ, ண, புள்ளி, ண, கால், ம, ல, ஐகாரக்குறி எண்டு எட்டுக் குறிதான் ஃபைலுக்குள்ள போகுது, 1952க்கும் அதுதான் இண்டைக்கும் அதுதான். பழைய மாதிரிப் பாக்க ஆசையெண்டா `Lohit Tamil Classical` ஃபொண்டைப் போட்டுப் பாருங்கோ, தட்டினதில ஒண்டையும் தொடத் தேவையில்லை.

எழுத்துச் சீர்திருத்தத்தில மாறினது மொத்தம் 13 எழுத்துத்தான்: ணா றா னா, ணொ றொ னொ, ணோ றோ னோ, பிறகு ணை லை ளை னை. கை, தை, மை எல்லாம் அப்பவும் இப்பிடித்தான். சில பேர் லைக்குப் பதிலா மலையாள எழுத்தை எடுத்து ஒட்டிவிடுவினம், கண்ணுக்குக் கொஞ்சம் கிட்டவா இருக்கும், ஆனா 'மலை' எண்டு தேடினா ஒண்டும் வராது. அதை மட்டும் செய்யாதேங்கோ.

நிலாவெளித் தம்பி: பழைய தமிழ் எழுத்துக்கெண்டே யுனிகோட்டில தனிப் பகுதி 2019இல வந்துட்டுதே, அதில எடுக்கலாம்தானே?

பகுதி வந்தது உண்மை, ஆனா அதுக்குள்ள இருக்கிறது பின்ன எண்களும் பழைய கணக்கு, அளவுக் குறியளும். இந்த 13உம் அதில இல்லை. அதுக்கு எதிர்மாறா, மலரில '1952௵' எண்டு இருந்தா அந்த ௵ தனி எழுத்துத்தான், `U+0BF5`. அதை 'வருடம்' எண்டு விரிச்சு எழுதாம அப்பிடியே விடவேணும். ௴, ௸ எல்லாத்துக்கும் அதே நியாயம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், தம்பலகாமம்: 1978க்கு முந்தினது எல்லாமே பழைய எழுத்துத்தானே. முன்னுரையில ஒரு வரி போட்டாக் காணாதோ?

கன புத்தகத்துக்குக் காணும் ஐயா. ஆனா 1978 தமிழ்நாட்டு அரசாணை வந்த வருசம், இஞ்ச இலங்கையில அது பிறகுதான் பரவினது. பெரியார் 'குடி அரசு'வில 1935இலயே சீர்திருத்த எழுத்தைத் தொடங்கிட்டார், அதால 1950கள்ல அச்சடிச்சது எண்ட ஒண்டை வச்சு முடிவுகட்ட ஏலாது, பக்கத்தைத் திறந்து பாக்கத்தான் வேணும். முழுக்கப் பழசெண்டா நீங்கள் சொன்ன ஒரு வரி போதும்.

தலையிடி எங்கயெண்டா, ஒரே புத்தகத்தில தலைப்பில புது லையும் உள்ள பழைய லையும் கலந்து வந்தா. வெறும் எழுத்தாத் தட்டினா அந்த வித்தியாசம் துப்புரவா அழிஞ்சுபோகும். அது வேணுமெண்டா பழசு வாற இடத்தில TEI எண்ட XML முறையில இப்பிடிக் குறி போடலாம்:

```
அண்<g ref="#naa-old">ணா</g>ம<g ref="#lai-old">லை</g>
```

குறியைக் கழட்டினா 'அண்ணாமலை' எண்டு சுத்தமாத் திரும்பி வரும், கழட்டாட்டித் தேடல் உடைஞ்சுபோகும். ஒரு மலருக்கு இவ்வளவு மினக்கெடலாமோ எண்டா எனக்கே ரெண்டு மனம்தான். அச்சுக்கலை ஆராயிற ஆளெண்டா கட்டாயம் வேணும் எண்டுவார், பதிகம் வாசிக்க வாறவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

மூதூரிலயிருந்து: என்ர அப்பம்மா எழுதின காயிதங்களிலயும் இந்த லைதான். அதுக்கும் இதே முறையோ?

தட்டுறது அப்பிடித்தான். ஆனா கையெழுத்தில வடிவம் ஆளுக்காள், வரிக்கு வரி மாறும், அதைத் தட்டிக் காட்ட ஏலாது. ஸ்கான் படத்தைப் பக்கத்தில வையுங்கோ.

திரும்பவும் உப்புவெளித் தங்கச்சி: ஒரு இடத்தில நான் 'துணை' எண்டு தட்டினன், மச்சாள் அது 'துனை' எண்டு நிக்கிறா. அச்சு தேஞ்சுபோய்க் கிடக்கு.

பழைய ணையும் னையும் தேஞ்சா இந்தச் சண்டை வரத்தான் செய்யும். இது 'துணை'யாத்தான் இருக்கும் எண்டு கருத்தை வச்சுத் தீர்க்காதேங்கோ. அதே புத்தகத்தில சந்தேகமே இல்லாத 'வினை' ஒண்டையும் 'இணை' ஒண்டையும் தேடி, ஸ்கானைப் பெருப்பிச்சு மூண்டையும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாருங்கோ. அதே அச்செழுத்துத்தான் திரும்பத் திரும்ப வந்திருக்கும், அதால எத்தினை சுழி எண்டது பிடிபடும். பாத்த பிறகும் 'துனை' எண்டுதான் தெரிஞ்சா அது அச்சுப்பிழையா இருந்தாலும் 'துனை' எண்டே தட்டிப்போட்டு ஓரத்தில குறிப்பு எழுதுங்கோ. எழுத்தின்ர வடிவத்தை விட்டுக்குடுக்கலாம், எழுத்துக்கூட்டலில கை வைக்கக்கூடாது, 'யென்று' எண்டு இருந்தா 'யென்று'தான். மச்சாளின்ர பக்கம் வெல்லுமோ எண்டு பாத்திட்டுச் சொல்லுங்கோ.