எஸ்எஸ்டி நிரம்பியதும் வேகம் விழுந்தால் வழக்குப் போடலாமா?

கேள்வி: ஏற்காட்டில் சிறிய போட்டோ ஸ்டுடியோ நடத்துகிறேன். ஐந்து மாதங்களுக்கு முன் சேலத்தில் ஒரு கடையில் 1 டிபி எஸ்எஸ்டி வாங்கினேன். இப்போது அதில் 60 ஜிபிதான் காலி. போன வாரம் 50 ஜிபி கல்யாண வீடியோவை ஏற்றியபோது முதல் 15 ஜிபி பறந்தது. பிறகு நொடிக்கு 40 எம்பியாக விழுந்துவிட்டது. பெட்டியில் 3,000 எம்பி என்று போட்டிருக்கிறது. கடையில் கேட்டால், ‘நிறைந்தால் அப்படித்தான்’ என்று சிரிக்கிறார்கள். பெண் வீட்டார் முன் மானம் போனது. பணத்தோடு 50,000 ரூபாய் இழப்பீடும் கேட்கலாமா?

பதில்: கடைக்காரர் சிரித்ததும் பெண் வீட்டார் கோபித்ததும் மனுவில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். பொருளில் ‘குறைபாடு’ இருக்கிறதா என்பது ஒன்றே கேள்வி. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(10) பிரிவின்படி, விற்றவர் சொன்ன தரத்துக்குப் பொருள் குறைந்திருந்தாலும் அது குறைபாடுதான். ஆனால் அவர் சொன்னது என்ன? பெட்டியை மறுபடி பாருங்கள். 3,000-க்குப் பக்கத்தில் ‘வரை’ என்று பொருள்படும் சொல் சிறிய எழுத்தில் அநேகமாக இருக்கும். வழக்கின் பாதி அந்தச் சொல்லோடு போய்விடும்.

மீதிப் பாதியை உங்கள் கடிதமே கெடுக்கிறது. விலை மலிந்த எஸ்எஸ்டிகள் பலவற்றில், தகவலைச் சேமிக்கும் ஒரு செல்லில் நான்கு பிட் வைக்கிறார்கள். க்யூஎல்சி என்பது அதுதான். நான்கு பிட் எழுதுவது மெதுவான வேலை. அதனால் டிஸ்க், காலியாக இருக்கும் செல்களில் முதலில் ஒரு பிட் மட்டும் வேகமாக எழுதிவைத்து, ஓய்வு கிடைக்கும்போது நான்காக அடுக்கிக்கொள்கிறது. இதுதான் கேஷ். காலியிடத்தில் அதிகபட்சம் நாலில் ஒரு பங்குதான் இப்படிக் கிடைக்கும். 60 ஜிபியில் நாலில் ஒன்று 15. உங்கள் டிஸ்க் சரியாக அந்த இடத்தில்தான் தளர்ந்திருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் வேறு சாட்சி தேட வேண்டியதில்லை.

இனி, என் கட்சிக்காரர்கள் விழுந்த குழியைச் சொல்கிறேன். பரிசோதனை இல்லாமல் குறைபாட்டைத் தீர்மானிக்க முடியாது என்றால், அதே சட்டத்தின் 38-வது பிரிவின்படி நுகர்வோர் ஆணையம் பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். அந்தக் கட்டணத்தை முதலில் கட்ட வேண்டியவர் புகார்தாரர். அம்மாபேட்டையில் நெசவு டிசைன் போடும் ஒருவர், தன் கோப்புகளை யாரும் பார்க்கக் கூடாது என்று டிஸ்க்கை முழுக்க அழித்துவிட்டு ஒப்படைத்தார். காலி டிஸ்க் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓடியது. அறிக்கையும் அப்படியே வந்தது. ‘நிரம்பியபோது சோதித்துப் பாருங்கள்’ என்று நாங்கள் கேட்டதற்கு, ‘நிரம்பினால் மெதுவாகும் என்று நீங்களே ஒத்துக்கொள்கிறீர்களே’ என்று பதில் வந்தது. எட்டு வாய்தா வீண். உண்மையிலேயே பழுதுள்ள டிஸ்க்கை அழித்திருந்தாலும் இதே கதிதான். தடயமும் சேர்ந்து போயிருக்கும். தெரிந்த கடையில் கொடுத்து வாரண்டி ஸ்டிக்கரைக் கிழிப்பவர்களும் இந்த ரகம்தான்.

எனவே நோட்டீஸ் அனுப்பும் முன் நீங்களே சோதியுங்கள். இப்போதுள்ள நிலையை, காலியிடமும் வேகமும் தெரிய, படம் பிடியுங்கள். டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் CrystalDiskInfo மென்பொருளின் திரையையும் எடுத்து வையுங்கள். கோப்புகளை இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுத்து, சரிபார்த்த பிறகு, இதில் பாதியைக் காலி செய்யுங்கள். பிறகு பவர்ஷெல்லை நிர்வாகி உரிமையோடு திறந்து, D இருக்கும் இடத்தில் உங்கள் டிரைவ் எழுத்தைப் போட்டு இதைக் கொடுங்கள். எந்த இடம் காலியானது என்று இது டிஸ்க்குக்குச் சொல்லும்:

```
Optimize-Volume -DriveLetter D -ReTrim -Verbose
```

கணினியை அணைக்காமல் ஒரு மணி நேரம் சும்மா விடுங்கள். பிறகு அதே 50 ஜிபியை, முன்பு எடுத்த அதே இடத்திலிருந்து ஏற்றுங்கள். முழுவதும் வேகமாக ஏறினால் உங்களுக்கு வழக்கு இல்லை. பாதி காலியாக இருந்தும் தொடக்கத்திலிருந்தே தவழ்கிறது, பழைய கோப்பைத் திறந்தாலும் திணறுகிறது, அல்லது CrystalDiskInfo திரையில் Media and Data Integrity Errors எண் பூச்சியத்தில் நிற்காமல் ஏறுகிறது என்றால் அது பழுது. அப்போது வாரண்டியில் மாற்றித் தரச் சொல்லி எழுத்து மூலம் கேளுங்கள். மறுத்தால் என்னிடம் வாருங்கள். ஸ்டுடியோ என்பதால் ‘வணிக நோக்கம்’ என்று எதிர்ப்பார்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்கு நடத்துகிறவருக்கு அந்தத் தடை பொருந்தாது, பயப்பட வேண்டாம்.

‘நிறைந்தாலும் இதே வேகம்’ என்று கடைக்காரர் வாட்ஸ்அப்பிலாவது எழுதித் தந்திருந்தால் கதை வேறு. அந்தச் செய்தியை அழிக்காதீர்கள். வாயால் சொன்னதாக இருந்தால் மறந்துவிடுங்கள்.

உங்கள் கணக்கைப் பார்க்கும்போது பழுது இல்லை என்றே நினைக்கிறேன். 50,000 ரூபாய்ப் பேச்சை விடுங்கள். கடைக்குத் திரும்பிப் போய், இதை ஒரு விலைக்கு எடுத்துக்கொண்டு, வித்தியாசத்தை வாங்கிக்கொண்டு, ஒரு செல்லில் மூன்று பிட் மட்டும் வைக்கும் 2 டிபி டிஎல்சி டிஸ்க் தருகிறாரா என்று கேளுங்கள். ஆயிரம் இரண்டாயிரம் நஷ்டத்தில் முடிந்தால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டிலிருந்து வாய்தாவுக்கு வாய்தா மலையிறங்கி வந்தால் அதற்கு மேல் போய்விடும். கல்யாண சீசனில் கடையையும் பூட்ட வேண்டியிருக்கும்.