ஆஃபர் லெட்டரில் எதைச் சம்பளம் என்று எழுதுவது? பிளேஸ்மென்ட் செல் கேள்வி பதில்

திருமங்கலம் பக்கத்துக் கல்லூரி, உதவிப் பேராசிரியை: சார், மாணவர்களுக்கு வந்த ஆஃபர் லெட்டர் விவரங்களைப் பட்டியலில் ஏற்றுகிறேன். முதல் பக்கத்தில் ஆண்டுக்கு 4,50,000 என்று போட்டிருக்கிறார்கள். அதையே சம்பளம் என்று ஏற்றிவிடலாம்தானே? நிறுவனம், பதவி எல்லாம் ஏற்கெனவே ஏற்றிவிட்டேன்.

ஏற்றுங்கள் மேடம், ஆனால் சி.டி.சி. என்ற கட்டத்தில். அது ஒருவருக்காக நிறுவனம் ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவு. சம்பளத்துக்குக் கடைசிப் பக்க இணைப்புக்குப் போக வேண்டும். உதாரணத்துக்கு, அங்கே மாதம் பேசிக் 15,000, வீட்டு வாடகைப்படி 7,500, சிறப்புப்படி 6,000 என்று இருந்தால் வருஷத்துக்கு 3,42,000தான் நிலையான சம்பளம். மீதி எங்கே? நிறுவனம் கட்டும் பி.எஃப். 21,600, கிராஜுவிட்டி 8,658, காப்பீடு 7,742, வேலைத்திறனைப் பார்த்துத் தரும் தொகை 45,000, ஒரு வருஷம் தாக்குப்பிடித்தால் கிடைக்கும் போனஸ் 25,000. கூட்டினால் 4,50,000 சரியாக வரும். பையனின் பங்கு பி.எஃப். 1,800 போனால் மாதம் கைக்கு 26,700க்கு மேல் வராது. பெற்றோர் கேட்பது இந்தக் கணக்கைத்தான். அதனால் சி.டி.சி., நிலையானது, நிபந்தனையோடு வருவது என மூன்று கட்டம் வையுங்கள்.

மாணவர் ஒருங்கிணைப்பாளர்: அண்ணே, சி.டி.சி. என்ற சொல்லுக்கு அடுத்து வரும் எண்ணை எடுக்க ஸ்கிரிப்ட் எழுதிட்டேன். நல்லாத்தான் ஓடுது. ஒரு சில கடிதத்துக்கு மட்டும் 37,500 காட்டுது, விட்டுடலாமா?

விடாதே தம்பி. 37,500ஐ 12ஆல் பெருக்கு, அதே 4,50,000தான். அட்டவணையில் மாதக் கட்டம் முதலில் இருந்திருக்கும். வரிசை குலையாமல் எழுத்தை எடுக்க இதைப் போடு:

```
pdftotext -layout offer.pdf
```

வெற்றுக் கோப்பு வந்தால் அது ஸ்கேன் செய்த படம், படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் ஓ.சி.ஆர். வேண்டும். அதில் கமா புள்ளியாகிவிடும், 8 சில நேரம் 3 ஆகிவிடும். அதனால் உருப்படிகளைக் கூட்டி மொத்தத்தோடு ஒப்பிடும் ஒரு வரி கட்டாயம் சேர். ஒத்துவராத கடிதத்தைத் தனியே ஒதுக்கி ஆள் பார்க்கட்டும்.

அதே மாணவர்: சேரும் தேதி 07/08/2025ன்னு இருக்கு. ஆகஸ்டா ஜூலையா?

கடிதத்திலேயே வேறு தேதி தேடு. மேலே 04/23/2025 என்று இருந்தால் மாதம் முதலில் வருகிறது, ஆக ஜூலை 8. தடயமே இல்லையென்றால் எச்.ஆருக்கு மெயில் போடு. "பின்னர் தெரிவிக்கப்படும்" என்றிருந்தால் கட்டத்தைக் காலியாக விட்டு, அந்த வாக்கியத்தைப் பக்கத்தில் ஒட்டு. போன பேட்ச் தேதியைப் பார்த்து நிரப்பாதே.

மேலூர், ஒரு மாணவரின் தந்தை: ஐயா, பையனுக்கு ஒரு அரியர் நிக்குது. ஆஃபர் போயிருமா?

கடிதத்தின் வாசகத்தைப் பாருங்கள் ஐயா. "சேரும்போது அரியர் இருக்கக் கூடாது" என்றால் அதற்குள் எழுதித் தேறினால் போதும். "படிப்புக் காலத்தில் அரியரே இருந்திருக்கக் கூடாது" என்றால் கதை வேறு. பிளேஸ்மென்ட் செல்லில் இரண்டையும் "அரியர்: கூடாது" என்று சுருக்கிவிடுகிறார்கள், எனக்கு அது பிடிக்காது. நிபந்தனையை மட்டும் அப்படியே நகலெடுத்து வைக்க வேண்டும். ரிசல்ட் தள்ளிப்போனால் பொறுப்பார்களா என்பதைக் கடிதம் சொல்லாது. கல்லூரி வழியாக எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.