ஓடும் காட்சியில் முற்றுப்புள்ளி எங்கே விழ வேண்டும்?

கேள்வி: என் சிறுகதைகளில் பரபரப்பான காட்சிகள் மந்தமாக இருக்கின்றன என்றார்கள். சின்னச் சின்ன வாக்கியமாக மாற்றினேன். இப்போது தந்தி மாதிரி இருக்கிறதாம். அதற்குப் பின்னால் வரும் அமைதியான காட்சியோ நாலு வரியில் முடிந்துவிடுகிறது. இரண்டையும் எப்படிச் சரிசெய்வது?

பதில்: சின்ன வாக்கியம் வேகத்தைத் தரும் என்பது பாதி உண்மைதான். தமிழில் வினைமுற்று பெரும்பாலும் கடைசியில் வருகிறது. அதனால் வாசகர் அந்த வினைக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார், காத்திருக்கும்போது எதையெல்லாம் மனதில் சுமக்கிறார் என்பதுதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. ஒரு காட்சியை வைத்தே பார்க்கலாம். சாயங்கால நேரம், தோட்டத்துக் கிணற்றில் ஒரு சிறுவன் விழுகிறான், மாமன் குதிக்கிறான்.

> கிணற்றின் ஓரத்தில் நின்று தண்ணீரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தன் அக்காவின் ஐந்து வயது மகன் திடீரென்று கால் வழுக்கி உள்ளே விழுந்துவிட்டதை, மோட்டார் அறை வாசலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்த முருகேசன் பார்த்ததும் உடனடியாக எழுந்து கிணற்றை நோக்கி ஓடத் தொடங்கினான்.

இதில் பிழை நீளம் மட்டும் இல்லை. ‘பார்த்துக்கொண்டிருந்த’, ‘குடித்துக்கொண்டிருந்த’ என்று ஆட்களுக்கு முன்னால் பெயரெச்சங்களை அடுக்கியிருக்கிறது. யாரைப் பற்றிய பேச்சு என்று தெரிவதற்குள் அவர் நின்ற இடம், செய்த காரியம் எல்லாவற்றையும் வாசகர் சுமந்தாக வேண்டும். ‘திடீரென்று’ என்ற சொல் அதிர்ச்சி வரப்போகிறது என்று முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது. ‘ஓடத் தொடங்கினான்’ என்றால் ஓட்டம் இன்னும் ஆரம்பத்திலேயே நிற்கிறது. சரி, இதை உடைத்து எழுதினால்?

> பையன் விழுந்தான். முருகேசன் பார்த்தான். எழுந்தான். ஓடினான். குதித்தான். தேடினான்.

இதுதான் உங்கள் நண்பர்கள் சொல்லும் தந்தி. எல்லா வாக்கியமும் ஏறக்குறைய ஒரே நீளம், எல்லாம் ‘ஆன்’ என்று முடிகிறது. ஒவ்வொரு முற்றுப்புள்ளியிலும் காட்சி நின்று கிளம்புகிறது. விழுவதற்கும் எழுவதற்கும் ஒரே எடை கிடைத்துவிடுகிறது.

இப்போது இதைப் படியுங்கள்:

> தண்ணீரில் ஏதோ விழுந்த சத்தம். முருகேசன் திரும்பினான். ஓரத்தில் பையன் இல்லை. பீடியைப் போட்டுவிட்டு ஓடி, வாய்க்காலைத் தாண்டி, சட்டையோடு குதித்தான். குளிர். இருட்டு. கை துழாவியது. பாசி, கல், மறுபடி பாசி. அப்புறம் ஒரு கால்.

முதல் வாக்கியத்தில் வினைமுற்றே இல்லை. சத்தம், வெற்று ஓரம், ஓட்டம் என்று அவனுக்கு எந்த வரிசையில் தெரியவருகிறதோ அதே வரிசையில் நமக்கும் தெரியவருகிறது. அவசரத்தைச் சொல்லும் ‘பார்த்ததும்’, ‘உடனடியாக’ இரண்டும் தேவைப்படவில்லை. முருகேசன் பெயர் ஒரு தடவைதான் வருகிறது. அதற்குப் பிறகு வினையின் விகுதியே ஆளைக் காட்டிவிடும்.

இந்தப் பத்தியின் உண்மையான ஓட்டம் இருப்பதிலேயே நீளமான வாக்கியத்தில்தான் இருக்கிறது. ‘போட்டுவிட்டு, ஓடி, தாண்டி, குதித்தான்’: நாலு காரியம், ஒரே முற்றுப்புள்ளி. வினையெச்சம் எப்போதும் அரைகுறையாக நிற்கும். அடுத்த வினையைக் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த இழுப்புதான் வாசகரை ஓட வைக்கிறது. துரத்தல், சண்டை எதுவானாலும் இதுவே தமிழில் நம் கையில் இருக்கும் நல்ல கருவி என்பது என் எண்ணம். வெறும் துண்டு வாக்கியங்களை நம்பி இதைக் கைவிடுவது பெரிய நஷ்டம்.

ஆனால் இதற்கும் எல்லை உண்டு. எச்சங்கள் மூன்று நான்கைத் தாண்டினால் மூச்சு முட்டும். ஒவ்வொரு எச்சத்துக்கும் முன்னால் ஒன்றிரண்டு சொல்லுக்கு மேல் வைக்காதீர்கள். ‘மழையில் நிரம்பி வழிந்த வாய்க்காலைத் தாண்டி’ என்று எழுதிய உடனே வேகம் செத்துவிடும். சங்கிலி முழுக்கச் செய்பவர் ஒருவராகவே இருப்பது நல்லது. ஆள் மாறும் இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிடுங்கள். மேலே ‘கை துழாவியது’ தனியாக நிற்பது அதனால்தான். ‘ஆன்’ என்ற ஒரே முடிவும் அங்கே மாறிவிடுகிறது. ஒற்றைச் சொல் வாக்கியங்களை அவன் தண்ணீருக்குள் போன பிறகுதான் வைத்திருக்கிறேன். அங்கே அவனால் ஓட முடியாது, ஒவ்வொன்றாகத்தான் தொட்டு உணர முடியும்.

அமைதியான காட்சிக்கு வருவோம். அது நாலு வரியில் முடிவதற்குக் காரணம், உணர்ச்சியைப் பெயர் சொல்லி எழுதிவிடுவது. ‘அன்று இரவு அவனுக்குத் தூக்கம் வரவில்லை. பயமாக இருந்தது. அழுதான்.’ இதற்கு மேல் எழுத அங்கே எதுவும் மிஞ்சாது. இதே வாக்கியங்களை ஒட்டி நீளமாக்கினாலும் காட்சி மெதுவாகாது. பார்வை தங்குவதற்கு ஒரு பொருள் வேண்டும்.

> பையன் தூங்கிவிட்டான். அக்காவும் அவன் மணிக்கட்டைப் பிடித்தபடியே தூங்கிப்போயிருந்தாள். முருகேசன் திண்ணையில் உட்கார்ந்து, கொடியில் கிடந்த ஈரச் சட்டையிலிருந்து சொட்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். பையிலிருந்த தீப்பெட்டி ஊறிப்போயிருக்கும் என்று நினைத்தான்; காலையில் வேறு வாங்க வேண்டும் என்று நினைத்தான்; இன்னும் ஓர் இழுப்பு இழுத்துவிட்டுத் திரும்பியிருந்தால் என்று நினைக்க ஆரம்பித்து, முடிக்காமல், மறுபடி சட்டையைப் பார்த்தான்.

ஓட்டக் காட்சியில் தள்ளிவைத்த ‘பார்த்துக்கொண்டிருந்தான்’, ‘ஆரம்பித்து’ எல்லாம் இங்கே உரிமையோடு வருகின்றன. செயல் முடியாமல் நீள்வதைக் காட்டத்தான் அவை இருக்கின்றன. கடைசி வாக்கியம் நீளமானதுதான், ஆனால் சிக்கலானது இல்லை. ஒவ்வொரு துண்டும் ‘நினைத்தான்’, ‘நினைத்தான்’, ‘பார்த்தான்’ என்று தன் வினையோடு முடிந்து, வாசகரைக் கொஞ்சம் இளைப்பாற விடுகிறது. ‘நினை’ என்ற வினையே திரும்பத் திரும்ப வருவதால் அவன் நினைப்பு ஒரே இடத்தைச் சுற்றுவதும் தெரிகிறது. இதையே ‘ஊறிப்போயிருக்கக்கூடிய தீப்பெட்டிக்குப் பதிலாகக் காலையில் வாங்க வேண்டியிருந்த வேறொன்றைப் பற்றி நினைத்த முருகேசன்’ என்று எழுதியிருந்தால் நீளம் இருக்கும், நிதானம் இருக்காது. வாசகர் ஒரு வாக்கியத்தைத் திரும்பப் படித்தால் அது அதன் அழகுக்காகவா, யார் எதைச் செய்தார் என்று தேடவா? இரண்டாவது என்றால் பெயரெச்சத்தைப் பிரித்துத் தனி வினையாக்குங்கள்.

பேச்சு வரும் இடங்களிலும் இதே கணக்குதான். ஓட்டத்தின் நடுவில் ‘என்று கத்தினான்’, ‘என்று பதறினாள்’ வேண்டாம், ‘கயிறு! கயிறு கொண்டா அக்கா!’ என்றாலே யார் யாரிடம் சொல்வது என்று தெரிந்துவிடும். திண்ணைக் காட்சியில் பேச்சு இருந்தால் அங்கே ‘என்றாள்’ வைத்து, அதற்கு முன்னாலோ பின்னாலோ ஒரு அசைவையும் சேர்க்கலாம்.

எழுதி முடித்த பக்கத்தில் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் பென்சிலால் அடிக்கோடிட்டுப் பாருங்கள். ஐந்தாறு ‘ஆன்’ தொடர்ந்து வந்தால் நடுவில் எதையாவது எச்சமாக்கி அடுத்ததோடு சேருங்கள், அல்லது ‘எதிரே சுவர்’ மாதிரி வினையில்லாத வாக்கியம் ஒன்றை வையுங்கள். அப்புறம் வாய்விட்டுப் படியுங்கள். ஓட்டக் காட்சியில் நீங்கள் மூச்சு வாங்கும் இடமும் பாத்திரம் தடுமாறும் இடமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். முருகேசன் தண்ணீருக்குள் குதிக்கும் முன்பே உங்களுக்கு மூச்சு வாங்கினால், முற்றுப்புள்ளி ஏதோ தவறான இடத்தில் விழுந்திருக்கிறது.