குழுவில் ஒருவரின் குறையை எழுத்தில் சொல்வது

கேள்வி: என் குழுவில் வேலை செய்யும் ஒருவர் செய்த பிழையை மின்னஞ்சலில் சொல்ல வேண்டியிருக்கிறது. நேரே சொல்லவும் வேண்டும், அவருடைய மனம் நோகவும் கூடாது. எப்படி எழுதுவது?

யாழ்ப்பாணத்தில் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்யும் சின்னக் குழு ஒன்றை நான் பார்த்துக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை ஒருமுறை பிழையாகவும் ஒருமுறை ஓரளவு சரியாகவும் எழுதியிருக்கிறேன். இரண்டுமே ஒரே தம்பிக்குத்தான்.

அவர் செய்த ஒரு மாற்றத்தால் பில்லின் கூட்டுத்தொகை பிழைத்தது. அப்போது நான் எழுதியது இவ்வளவுதான்: "தம்பி, உங்கட வேலை நல்லாத்தான் இருக்கு. பில்லிங் பக்கத்தைக் கொஞ்சம் கவனமாகப் பார்த்தால் நல்லது." மரியாதையாக எழுதிவிட்டேன் என்று நினைத்தேன். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். அதில் அவருடைய பிழை ஒன்றுமில்லை. "பார்த்தால் நல்லது" என்றால் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை என்றுதானே பொருள்? எது பிழைத்தது என்று நான் சொல்லவே இல்லை. அடுத்த மாதம் அதே பகுதி திரும்பவும் பிழைத்தது.

இந்த முறை எனக்குக் கோபம். "இதைக்கூடப் பார்க்கத் தெரியாதா? ஏன் எப்பவும் இப்படி?" என்று எழுதி, அனுப்பாமல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வாசித்தபோது எந்தச் சொற்கள் குத்துகின்றன என்று தெரிந்தது. "கூட" ஆளைச் சிறுமைப்படுத்துகிறது. "எப்பவும்" பொய், ஏனென்றால் பிழைத்தது இரண்டு தரம்தான். நேரில் "ஏன்" என்று கேட்டால் குரலில் அக்கறை கேட்கும். எழுத்தில் அது விசாரணையாகிவிடும். மூன்றையும் வெட்டினேன். கடைசியில் அனுப்பியது இது:

"தம்பி, போன வாரம் செவ்வாய்க்கிழமை நீங்கள் அனுப்பிய மாற்றத்தில், கழிவைக் கழிக்க முன்னமே வற் வரி கணக்காகிறது. 10,000 ரூபா பொருளுக்கு 10 வீதக் கழிவு என்றால், 9,000 ரூபாவுக்கு 18 வீத வரி சேர்த்து 10,620 வரவேண்டும். இப்போது 10,800 வருகிறது. கடைக்காரர் இரண்டு நாள் பில்களைக் கையால் திருத்தியிருக்கிறார். போன மாதமும் கூட்டுத்தொகை பிழைத்தது. இரண்டு தரமும் நீங்கள் பரிசோதனையை ஓட்டாமல் அனுப்பியிருக்கிறீர்கள். திங்கள் முதல், பில்லிங்கில் எதை மாற்றினாலும் பழைய ஐந்து பில்களோடு ஒத்துப்பார்த்து, அந்த முடிவையும் சேர்த்து அனுப்புங்கள். நான் அறியாத காரணம் இருந்தால் நாளைக்குள் எழுதுங்கள், அல்லது இருந்து கதைப்போம்."

இதில் "கவனமில்லை", "பொறுப்பில்லை" என்ற சொற்கள் இல்லை. அவை ஆளைப் பற்றிய தீர்ப்பு. எழுதினால் அவர் தன் குணத்துக்காக வாதாட வேண்டிவரும், வரிக் கணக்கு அங்கேயே நிற்கும். 10,620க்கும் 10,800க்கும் இடையிலுள்ள 180 ரூபாவைப் பற்றி ஒருவரும் வாதாட முடியாது. அதேநேரம் "பரிசோதனை ஓட்டப்படவில்லை" என்று ஆளை மறைத்தும் எழுதவில்லை. தமிழில் அப்படி எழுதுவது லேசு, ஆனால் வாசிப்பவர் அது யாருக்கோ சொன்னது என்று விட்டுவிடுவார். "நீங்கள்" அந்த இடத்தில் வரத்தான் வேண்டும்.

விளிப்பையும் யோசிக்க வேண்டியிருந்தது. நேரில் அவரை "நீர்" என்றுதான் கூப்பிடுவேன், எங்கள் ஊரில் அது உரிமையான சொல். ஆனால் குறை சொல்லும் எழுத்தில் "நீர் செய்தீர்" என்பது அதட்டலாகத் தெரிந்தது. "திரு." போட்டுத் தொடங்கினாலோ ஒழுங்கு நடவடிக்கைக் கடிதம் வந்துவிட்டதென்று பயந்துபோவார். "தம்பி"யையும் "நீங்கள்"ஐயும் சேர்த்து எழுதியது அதனால்தான். உங்கள் ஆள் வயதில் மூத்தவரென்றால் வழக்கமாகக் கூப்பிடும் "அண்ணா", "அக்கா"வை விடாதீர்கள். குறை சொல்லும் நாளில் மட்டும் முறைச்சொல் காணாமல் போனால் அதைத்தான் முதலில் கவனிப்பார்கள்.

வைபர் குழுவில் போடவே வேண்டாம், அவருக்கு மட்டும் அனுப்புங்கள். வெள்ளி பின்னேரம் அனுப்பினால் பதில் கேட்க ஆளில்லாமல் இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருப்பார். நான் புதன் காலை அனுப்பினேன்.

அப்புறம், வேலை போகக்கூடிய அளவு பெரிய விஷயம் என்றாலோ, இன்னொருவரோடு நடந்துகொண்ட முறை பற்றியது என்றாலோ எழுத்தில் தொடங்காதீர்கள். முதலில் இருந்து கதைத்துவிட்டு, கதைத்ததை அன்றே எழுதி அனுப்புங்கள்.

அன்று பின்னேரமே அவருடைய பதில் வந்தது. பரிசோதனைக்கான மாதிரி பில்கள் பழைய வரி வீதத்திலேயே இருந்ததால், ஓட்டும்போதெல்லாம் பிழை என்றே காட்டியதாம். அதனால்தான் ஓட்டுவதை விட்டுவிட்டாராம். அந்தப் பில்களைப் புதுப்பிக்க வேண்டியவன் நான். அதை ஒத்துக்கொண்டு எழுதினேன். வியாழன் இரண்டு பேரும் இருந்து அவற்றைத் திருத்தினோம். திங்கள் வந்த மாற்றத்தோடு ஐந்து பில்களின் முடிவும் வந்தது.